சிவப்பு மையில் எழுதிய அட்டை

அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பதினேழு வருடமாக ஆயா வேலை பார்க்கிறேன். என் மகளின் பிரசவத்தை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தவளும் நான்தான். கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். என் மருமகனுக்கும் அப்படித்தான் இருந்தது. வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிற மனிதர், எண்ணி எண்ணித்தான் பேசுவார். "அத்தை, நீங்க அங்கயே இருக்கீங்க. எல்லாரையும் தெரியும். அப்புறம் எதுக்குத் தனியார்ல?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அங்கேயே இருப்பதால்தான் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

எனக்குத் தெரியாதா எங்கள் வார்டு? ஒரு கட்டிலில் இரண்டு பேர், ஒருத்தியின் கால் இன்னொருத்தியின் முகத்துக்கு நேராக. கழிப்பறை மூன்று, அதில் ஒன்றின் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கட்டுப்போடும் துணியைக் கிழித்து நானே கட்டி வைத்திருக்கிறேன். புருஷனை உள்ளே விடமாட்டோம். வலி எடுத்தவள் தனியாகக் கிடந்து, தெரியாத முகங்களைப் பார்த்துக்கொண்டே பெற வேண்டும். காசு வாங்குவதில்லை என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே எடுத்துவந்து, உறவுக்காரர்கள் கையில் கொடுக்காமல் நின்றுகொண்டிருப்பேன். ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதில் பாதி. வாய் கூசாமல் வாங்கியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் திட்டு. மேசையில் கிடந்து கத்துகிறவளின் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கத்தாத. உனக்கு மட்டுந்தான் வலிக்குதா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆரம்பத்தில் ஒரு மூத்த ஆயா சொல்வதைக் கேட்டுச் சொன்னேன். அப்புறம் அது என் வாயிலேயே குடியேறிவிட்டது. ஒரு நாளில் இருபது பிரசவம், இரண்டு ஆயா, யாரைத்தான் கொஞ்சிக்கொண்டிருப்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன்.

என் மகள் இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள். அவள் அப்பா எங்களை விட்டுப் போன பிறகு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, வார்டு கதவுக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கதவு ஒரு சாண் திறந்தே இருக்கும். உள்ளே நான் போடும் சத்தம் அவளுக்கு மழைச் சத்தம் மாதிரிப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். கர்ப்பமானதும் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு, "அந்த ரூம்ல மட்டும் வேணாம்மா" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள், அதுதான் பயம்.

இருந்தாலும் மாதா மாதம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காட்டினேன். ஊசி, ஸ்கேன், சத்து மாத்திரை எல்லாம் இலவசம். எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, சிறுநீரிலும் புரதம் போயிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த சின்ன டாக்டரம்மா, கர்ப்பகால அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிதாக எழுதினார். மூன்று வேளை மாத்திரை, வாரம் இரண்டு தடவை பரிசோதனை, ஒன்பதாம் மாதம் பாதியிலேயே வந்து படுத்துவிட வேண்டும், பிரசவம் இங்கேதான் நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படி அழுத்தம் ஏறி, கால் வீங்கிப் படுத்திருக்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் என்னோடு வேலை செய்யும் கண்ணாடிக்காரியும் அவர்களுக்குக் 'குடித்தனக்காரர்கள்' என்று பெயர் வைத்திருந்தோம். வந்தால் போகவே மாட்டார்கள். குழந்தை பிறந்த பிறகும் டாக்டர்கள் ஒரு வாரம் பிடித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டு எழுதச் சோம்பேறித்தனம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். இந்த நோய்க்குப் பிரசவம்தான் மருந்து என்று பெரிய டாக்டர் மாணவர்களுக்குச் சொல்வது என் காதில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது. அதற்குப் பின்னால் அவர் என்ன சொல்வார் என்பது விழுந்ததில்லை. அதற்குள் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன்.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு அறை. அங்கே பெருக்கித் துடைக்கிறவள் எனக்குப் பழக்கம். சாதாரணப் பிரசவத்துக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு அதைப் போல இரண்டு மடங்கு என்று விவரம் எல்லாம் சொன்னாள். கூடவே, பிபி உள்ள கேஸ் என்று தெரிந்தால் டாக்டரம்மா கையிலேயே தொடமாட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவார் என்றும் சொன்னாள். ஏன் தொடமாட்டார் என்று ஒரு நிமிடம் நான் யோசித்திருக்கலாம். அவர்களிடம் ரத்த வங்கி இல்லை, தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை, சாயங்காலம் மட்டும்தான் டாக்டர் இருப்பார். எனக்கோ, கதவை மூடினால் தாழ்ப்பாள் விழும் கழிப்பறை மட்டும்தான் கண்ணில் பட்டது.

சிவப்பு மை அட்டையை மருமகன் கண்ணில் படாமல் எடுத்துப்போய், வார்டில் எனக்குக் கொடுத்திருந்த அலமாரியில், மாற்றுச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அட்டை தொலைந்துவிட்டது என்று தனியாரில் சொன்னோம். புதுசாக ஒரு பைல் போட்டார்கள். மகளிடம், மாத்திரையை விடாமல் போட்டுக்கொள், ஆனால் யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லி வைத்தேன். அவளும் போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் போனாள். மாத்திரை அதன் வேலையைச் செய்தது, அவர்கள் கருவியில் அளவு ஒழுங்காகவே காட்டியது. பைலில் 'பிபி நார்மல்' என்று எழுதினார்கள். பதினேழு வருட அனுபவம் வீண் போகவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

இன்னொருத்தியையும் சமாளிக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவுக்கு வரும் சுகாதார நர்ஸ். கர்ப்பிணி யார், பிள்ளை பெற்றவள் யார் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, பிரசவமான வீடுகளுக்கெல்லாம் தேடி வந்து பார்க்கிற பெண். சிவப்பு மை விஷயம் அவள் நோட்டிலும் ஏறியிருந்தது. ஏன் வந்து படுக்கவில்லை என்று இரண்டு தடவை வாசலில் வந்து நின்றாள். மூன்றாவது தடவை, மகள் பிரசவத்துக்கு மாமியார் ஊருக்குப் போய்விட்டாள் என்று புளுகினேன். அந்த ஊர் நர்ஸிடம் சொல்லிவிடுகிறேன் என்று ஊர்ப் பேரை எழுதிக்கொண்டு போனாள்.

பிரசவம் நல்லபடியாக நடந்தது. அதை மறைத்துச் சொல்லமாட்டேன். அங்கே மருமகனை உள்ளே விட்டார்கள். என் மகள் கத்தினாள், யாரும் திட்டவில்லை. ஒரு நர்ஸ் பெண் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, நல்லா பண்றம்மா, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவுக்கு வெளியே நின்று கேட்ட எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதானே, இதைச் சொல்ல என்ன செலவு என்று தோன்றியது. பேத்தி பிறந்தாள். யாரும் என்னிடம் காசு கேட்டு நிற்கவில்லை. மூன்றாம் நாள் பில் வந்தபோதுதான் குழந்தை டாக்டருக்குத் தனி, கையுறைக்குத் தனி, அறைக்குத் தனி என்று வால் நீண்டிருந்தது. என் சங்கிலி போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். பத்தாம் நாள் வந்து காட்டுங்கள் என்று பைலில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

பிள்ளை பிறந்த அன்றே மாத்திரையை நிறுத்தச் சொன்னவள் நான். பிரசவம்தானே மருந்து.

நான்காம் நாள் காலை மகள் தலை லேசாக வலிக்கிறது என்றாள். தூக்கம் இல்லாததால் என்றேன். பதினோரு மணி வாக்கில், பக்கத்து வீட்டில் அந்த சுகாதார நர்ஸின் குரல் கேட்டது. அந்த வீட்டுப் பெண்ணுக்கும் இரண்டு வாரக் குழந்தை. ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தேன். தோளில் அதே பை. குழந்தையை எடை போட்டாள், தாயின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். பேத்தி சிணுங்கியபோது சத்தம் வெளியே போகாமல் இருக்க, மகளை உடனே பால் கொடுக்கச் சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நர்ஸ் கிளம்பிப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் தலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. தனியாருக்கு போன் செய்தேன். எடுத்த பெண், சாதாரண வலி மாத்திரை கொடுங்கள், டாக்டர் சாயங்காலம்தான் வருவார், முடியவில்லை என்றால் அப்போது கூட்டி வாருங்கள் என்றாள். மத்தியானம் மகள் சுவரைப் பார்த்து, கண் முன்னாடி மின்னல் மாதிரி வெட்டுகிறது என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. குடித்தனக்காரர்கள் இதே வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொன்ன உடனே நர்ஸ்கள் ஓடுவார்கள். நான் எழுந்திருப்பதற்குள் அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. கை கால் இழுத்தது. வாயில் நுரை. மடியில் இருந்த குழந்தையை மருமகன் பாய்ந்து பிடித்தார்.

பக்கத்தில் இருக்கிறதே என்று ஆட்டோவில் தனியாருக்குத்தான் போனோம். அங்கே இருந்த நர்ஸ் பெண் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆக்ஸிஜன் வைத்தாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான், அதைச் சரியாகச் செய்தாள். டாக்டர் போனில் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போகச் சொல்லிவிட்டு, முன்னாடி பிபி இருந்ததா என்று கேட்கச் சொன்னாராம். நர்ஸ் பெண் என்னிடம் கேட்டாள்.

இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாரக் கணக்கில் சொன்ன பொய், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் மருமகன் நின்றிருந்ததும் காரணமாக இருக்கலாம். நர்ஸ் பெண் அதைத் தாளில் எழுதி, முத்திரை குத்தி என் கையில் கொடுத்தாள்.

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது இரண்டாம் தடவை இழுத்தது. கண்ணாடிக்காரிதான் அன்று வேலையில் இருந்தாள். தள்ளுவண்டியில் கிடப்பது யார் என்று பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. வண்டியைப் பிடித்துத் தள்ளினாள். உள்ளே ஐந்து நிமிடத்தில் ஆறு பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒருத்தர் நரம்பில் ஊசி போட, ஒருத்தர் வாயில் குழாய் வைத்து நுரையை உறிஞ்ச, ஒருத்தர் சிறுநீர்ப் பை மாட்ட. அழுத்தம் இருநூற்றைத் தொடுகிறது என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். இந்த வேகத்தைப் பதினேழு வருடமாகப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

சிவப்பு மையில் எழுதிய அதே சின்ன டாக்டரம்மாதான் இருந்தார். இத்தனை ஆயிரம் பேரில் என் மகளின் முகம் அவருக்கு நினைவில் இல்லை. வலிப்புக்கான மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றிக்கொண்டே தனியார் தாளைப் படித்தார். பிபியே இருந்ததில்லை என்றால், இது மூளை நரம்பில் ரத்தம் உறைந்து வந்ததாகவும் இருக்கலாம், உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஸ்கேன் கட்டிடம் வளாகத்தின் அடுத்த மூலையில். போகிற வழியெல்லாம் குண்டும் குழியும். இந்த நிலையில் வண்டியில் குலுங்கிக்கொண்டு போனவர்களில் திரும்பாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கர்ப்ப காலத்துல பிபி இருந்ததே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதை வெச்சுத்தான் நாங்க அடுத்தது பண்ணணும்."

மருமகன் பேத்தியை மார்போடு அணைத்தபடி கதவோரம் நின்றிருந்தார். கண்ணாடிக்காரி நின்றிருந்தாள். நான் அலமாரிக்கு ஓடினேன். சேலையை இழுத்துக் கீழே போட்டு அட்டையை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன்.

"இருந்துச்சும்மா. நான்தான் மறைச்சேன். மாத்திரையை நிறுத்தி அஞ்சு நாள் ஆச்சு."

முதல் பக்கத்தைப் பார்த்ததும் அவர் ஒரு கணம் நின்றார். தன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்கேன் அப்புறம் பார்க்கலாம், முதலில் அழுத்தத்தை இறக்குவோம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மருமகன் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

இடுப்பின் இரண்டு பக்கமும் ஆழமாக ஊசி போட்டார்கள். அது தீயாக எரியும். போடும்போது பெண்கள் துள்ளுவார்கள், துள்ளாமல் பிடிப்பது என் வேலை. என் மகள் துள்ளவே இல்லை. அடுத்த கட்டம் காத்திருப்பது. அந்த மருந்து அதிகமானால் மூச்சே நின்றுவிடும் என்பதால், ஒரு நர்ஸ் பக்கத்திலேயே இருந்து, முழங்காலைச் சின்னச் சுத்தியால் தட்டி கால் துடிக்கிறதா என்று பார்த்தாள், மூச்சை எண்ணினாள். சிறுநீர்ப் பையில் ஒரு மணி நேரத்துக்கு முப்பது மில்லியாவது சேர வேண்டும், அதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னை உட்காரவைத்தாள்.

அந்தப் பையை ஆயிரம் தடவை அவிழ்த்துக் கொட்டியிருக்கிறேன். அளந்து ஊற்று என்று நர்ஸ்கள் சொன்னால், ஆமாம் பெரிய பாலாச்சு என்று முணுமுணுத்தபடி குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லுவேன். அன்று தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டையும் பார்த்தேன். விழு, விழு என்று கெஞ்சினேன். முதல் மணி நேரம் இருபதுதான் வந்தது. நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டாள். இவள் போய்விட்டால் நானும் இந்த வளாகத்தை விட்டு வெளியே போகப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். இரண்டாவது மணி நேரம் முப்பத்தைந்து. எழுந்து நின்று நர்ஸிடம் பையைக் காட்டினேன்.

அதற்குள் சுகாதார நர்ஸுக்கு விஷயம் போயிருந்தது. வாசல்வரை வந்து, தாய்ப்பால் வங்கியிலிருந்து பேத்திக்குப் பால் வாங்கி மருமகனிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம். உள்ளே என்னைப் பார்க்க வரவில்லை. எனக்கும் அவள் முகத்தில் விழிக்கத் துணிவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் மகள் கண்ணைத் திறந்தாள். ஜன்னலில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. அவள் அங்குமிங்கும் பார்த்தாள், கண் எதிலும் நிற்கவில்லை. எதுக்கு விளக்கை அணைச்சு வெச்சிருக்கீங்க என்று பொதுவாகக் கேட்டாள். சின்ன டாக்டரம்மா வந்து டார்ச் அடித்தார், விரலைக் காட்டினார். அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. அழுத்தம் ஏறினதால் மூளைக்குள் வீக்கம் இருக்கிறது, இப்போது ஸ்கேன் எடுத்துவிடலாம், இது பெரும்பாலும் சில நாளில் திரும்பிவிடும் என்றார். பெரும்பாலும் என்ற வார்த்தை இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மருந்து மயக்கம் இன்னும் விட்டிருக்கவில்லை, பிடித்திருப்பது யார் என்று அவளுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரசவ மேசை. யாரோ ஒரு பெண் அலறினாள். கண்ணாடிக்காரியின் குரல் கேட்டது.

"கத்தாத. உனக்கு மட்டுந்தான் வலிக்குதா?"

என் மகளின் கை என் கைக்குள் இறுகியது. ஒன்றும் தெரியாத கண்ணை அந்தச் சத்தம் வந்த பக்கம் திருப்பினாள். பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய வயதில் எப்படிப் பேசுவாளோ, அவ்வளவு சின்னக் குரலில் சொன்னாள்.

"அம்மா, திட்டாதம்மா. பாவம் அவங்க."

அது நான் இல்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சரிம்மா, இனிமேல் திட்டமாட்டேன் என்றேன். அவள் அந்தத் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.